அது சூடு அல்ல, ரத்தம்

அதிகாலை இரண்டரை மணிக்கு ஸ்ட்ரெச்சரில் வந்த அந்தப் பெரியவருக்கு வயிற்றில் வலி என்று எதுவுமே இல்லை. "ஒண்ணுமில்லீங்க டாக்டரம்மா, லேசா கிறுகிறுப்பு. சூடு புடிச்சிருக்கு, அவ்வளவுதான்" என்றார். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளங்கை சில்லென்று வேர்த்திருந்தது. கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சிவப்பே இல்லை, வெளுத்த காகிதம் போலிருந்தது. நாடி நிமிடத்துக்கு 118. பிரஷர் 90/60.

கூட வந்த மருமகள்தான் விஷயத்தைச் சொன்னார். "முந்தாநாள் காலையிலேயே கேட்டேங்க. மாமா, கக்கூஸ்ல என்ன தார் கொட்டுன மாதிரி இருக்குன்னு. ஒரு வாளித் தண்ணி ஊத்தியும் போகல, ஒட்டிக்கிட்டே இருந்துச்சு. அந்த நாத்தமே வேற மாதிரி. அத்தை, உடம்பு சூடுதான்னு மோர் கரைச்சுக் குடுத்தாங்க. நேத்து மூணு தடவ அதே மாதிரி போச்சு. ராத்திரி கக்கூஸ் போனவரு உள்ளேயே விழுந்துட்டாரு, கதவை உடைச்சுத்தான் தூக்கினோம்."

அந்தப் பெண் சொன்னதில் நோயின் அடையாளம் அத்தனையும் இருந்தது. தார் நிறம், பிசுபிசுப்பு, தண்ணீர் ஊற்றினாலும் போகாத ஒட்டு, வழக்கமில்லாத நாற்றம். மருத்துவக் கல்லூரியில் நாங்கள் படித்ததும் இதே நான்குதான். முந்தாநாள் காலையிலேயே அவர் சரியாகக் கவனித்துவிட்டார். ஆனால் வீட்டில் அதற்கு வைத்த பெயர் சூடு. பெயர் தப்பாகிப் போனதில் நாற்பது மணி நேரம் போய்விட்டது.

இந்தப் பெரியவரின் கதையை, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, முழுதாகச் சொல்கிறேன். கேசுவால்டியில் நான் பார்க்கும் கருப்பு மலக் கதைகளில் பாதி இவருடையதைப் போலத்தான் இருக்கும்.

முதலில், ரத்தம் ஏன் கருப்பாக வருகிறது? உணவுக்குழாய், இரைப்பை, சிறுகுடலின் தொடக்கம் ஆகிய மேல்பகுதிகளில் எங்காவது ரத்தம் கசிந்தால், அது வெளியே வருவதற்குள் நெடுந்தூரம் பயணம் செய்ய வேண்டும். வழியில் இரைப்பையின் அமிலம் ரத்தச் சிவப்பைச் சிதைக்கிறது. குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் மீதியைப் பார்த்துக்கொள்கின்றன. சிவப்பு, தார் நிறமாகிவிடுகிறது. அந்தத் தனி நாற்றமும் அப்படி வந்ததுதான். ஒருமுறை முகர்ந்த நர்ஸ், வார்டுக்குள் நுழைந்ததுமே எந்தக் கட்டிலில் என்று சொல்லிவிடுவார். இப்படிக் கருப்பாக மாறுவதற்கு டீ கிளாஸில் பாதி அளவு, அதாவது 50 மில்லி ரத்தம் கசிந்தாலே போதும்.

அதே ரத்தம் கீழே போகாமல் மேலே வந்தால் ரத்த வாந்தி. கசிந்த வேகத்தில் வந்தால் சிவப்பாகவே வரும், சில சமயம் கட்டி கட்டியாக. இரைப்பையில் சிறிது நேரம் தங்கிவிட்டு வந்தால் அமிலம் பட்டு, ஃபில்டரில் தங்கும் காபித்தூள் சக்கை போலப் பழுப்பாக, திப்பி திப்பியாக வரும். பலர் இதை ரத்தம் என்றே நினைப்பதில்லை. 'சாப்பிட்டதுதான் வந்துச்சு' என்பார்கள். சாப்பிட்டது இட்லியாக இருக்கும்.

நம் சினிமா ஒரு குழப்பத்தையும் செய்து வைத்திருக்கிறது. கதாநாயகன் இருமுவான், கைக்குட்டையில் ரத்தம் இருக்கும், உடனே ரத்தப் புற்றுநோய் என்பார்கள். இருமலில் வருவது நுரையீரலின் ரத்தம். நுரையோடு, சளியோடு, பளிச்சென்ற சிவப்பில் வரும். குமட்டி, வயிற்றைப் பிரட்டிக்கொண்டு வருவது வேறு. இரண்டுக்குமே மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டும் என்றாலும், எது நடந்தது என்று சரியாகச் சொன்னால் எங்களுக்கு அரை மணி நேரம் மிச்சம்.

எல்லாக் கருப்பும் ரத்தம் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடும் கர்ப்பிணிகளுக்கு மலம் கருப்பாகத்தான் போகும். நாவல்பழம் நிறையச் சாப்பிட்டாலும், ஆட்டு ரத்தப் பொரியல் சாப்பிட்ட மறுநாளும் நிறம் மாறலாம். ஆனால் இரும்பு மாத்திரையின் கருப்பில் ஒரு பச்சை ஓட்டம் இருக்கும். மலம் உருவாக, வழக்கமான கெட்டியோடு போகும், பிசின் போல ஒட்டாது, அந்த நாற்றமும் இருக்காது. மயக்கம், படபடப்பு, வெளிறல் எதுவும் கூட வராது. சந்தேகமாக இருந்தால் அதை ரத்தமென்றே எடுத்துக்கொள்ளுங்கள். நாவல்பழம் என்று நாங்கள் சொல்லித் திருப்பி அனுப்பினால் உங்களுக்கு ஒரு நாள் அலைச்சல், அவ்வளவுதான்.

பெரியவரிடம் வருவோம். வயது 64. நடவு, அறுவடை என்று வயலில் நின்றே தேய்ந்த முழங்கால்கள். மூன்று வாரமாக வலி தாங்காமல், மெடிக்கல் ஷாப்பில் 'செட்டு மாத்திரை' வாங்கிப் போட்டிருக்கிறார். சின்னக் கவரில் பெயர் எதுவும் இல்லாமல் மூன்று, நான்கு மாத்திரைகளைச் சேர்த்துக் கொடுப்பார்கள். மருமகள் கையோடு கொண்டு வந்திருந்த கவரைப் பிரித்துப் பார்த்தோம். ஒன்று டைக்ளோஃபெனாக். இன்னொன்று, எங்கள் மருந்தாளுநர் பார்த்துச் சொன்னபடி, ஸ்டீராய்டு. இது போதாதென்று நான்கு வருடத்துக்கு முன் நெஞ்சுவலி வந்ததிலிருந்து தினமும் ஆஸ்பிரின் 75 மில்லிகிராம்.

இவற்றில் ஒவ்வொன்றும் தனியாகவே இரைப்பைக்கு ஆகாது. மூன்றும் சேர்ந்தால் ஒன்றின் கேட்டை மற்றது பெருக்கும். இரைப்பைக்குள் சுரக்கும் அமிலம், உணவில் உள்ள கறியையே கரைக்கக்கூடியது. இரைப்பையின் சொந்தச் சுவரை அது கரைக்காமல் இருப்பதற்குக் காரணம், சுவரின் மேல் எப்போதும் பூசியிருக்கும் கோழைப் படலம். அந்தப் படலத்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கச் சொல்லும் வேதிப்பொருளுக்குப் பெயர் புராஸ்டகிளான்டின். மூட்டில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுவதும் இதே குடும்பம்தான். வலி மாத்திரை மூட்டில் அதை நிறுத்தும்போது வயிற்றிலும் நிறுத்திவிடுகிறது. படலம் மெலிகிறது, அமிலம் சுவரைத் தொடுகிறது, புண் குழிகிறது. குழியின் அடியில் ஒரு ரத்தக்குழாய் அகப்பட்டுவிட்டால் ரத்தம் கொட்டத் தொடங்குகிறது.

'சாப்பிட்டுவிட்டுத்தானே போட்டேன்' என்று எல்லோருமே சொல்வார்கள். வயிற்றெரிச்சல் கொஞ்சம் குறையும், உண்மைதான். ஆனால் மாத்திரை ரத்தத்தில் கலந்த பிறகுதான் அந்த வேலையைச் செய்கிறது. அதனால் சோற்றோடு போட்டாலும், ஊசியாகப் போட்டாலும், ஆசனவாயில் வைத்தாலும் இரைப்பைக்கு ஒரே கதிதான். இன்னொரு கெடுதலையும் சொல்ல வேண்டும். இந்த மாத்திரைகள் வயிற்று வலியையும் மழுங்கடித்துவிடும். வயதானவர்களுக்குப் புண் இருப்பதே தெரியாமல் இருந்து, முதல் அறிகுறியே ரத்தப்போக்காக வருவது சகஜம். பெரியவர் 'வலியே இல்லையே' என்று சொன்னது எனக்கு நிம்மதியாக இல்லை.

புண்ணுக்கு இன்னொரு பெரிய காரணம் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற பாக்டீரியா. காரம், கவலை, பட்டினி என்று வெகுகாலம் பழி சுமத்திக்கொண்டிருந்தோம். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982-இல் இந்தக் கிருமியை இரைப்பையிலிருந்து எடுத்து வளர்த்துக் காட்டியபோது, அமிலத்தில் கிருமி எப்படி வாழும் என்று மருத்துவ உலகம் சிரித்தது. மார்ஷல் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாளில் குமட்டல், வாந்தி. இரைப்பை அழற்சி எண்டோஸ்கோபியில் தெரிந்தது. 2005-இல் இருவருக்கும் நோபல் பரிசு. இந்தியாவில் பெரியவர்களில் பாதிப் பேருக்கு மேல் இந்தக் கிருமி வயிற்றில் இருக்கிறது. பெரும்பாலானோருக்கு அது ஒன்றும் செய்வதில்லை. ஆனால் கிருமியும் இருந்து வலி மாத்திரையும் சேர்ந்தால் புண்ணுக்கு வாசல் திறந்தாயிற்று.

இனி, அந்த நாற்பது மணி நேரத்தில் உடம்பு என்ன செய்துகொண்டிருந்தது?

நம் உடம்பில் நாலரை, ஐந்து லிட்டர் ரத்தம் இருக்கிறது. அதில் முக்கால் லிட்டர் வரை மெல்லப் போனாலும், படுத்திருப்பவரைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. தோலுக்கும் குடலுக்கும் போகும் குழாய்களை உடம்பு இறுக்கிக்கொள்கிறது. இருக்கும் ரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது. பிரஷர் அப்படியே நிற்கும். ஆள் பேசுவார், டீ கேட்பார், 'எதுக்கு ஆஸ்பத்திரி, காலையில பாத்துக்கலாம்' என்பார். எழுந்து நின்றால் மட்டும் கண் இருட்டும். ஒன்றரை லிட்டரை நெருங்கும்போது இந்தச் சமாளிப்பு முடிந்துவிடும், பிரஷர் சரியும். அங்கிருந்து கீழே போவதற்கு மணிக்கணக்கு ஆகாது. கேசுவால்டியில் என்னிடம் பேசிக்கொண்டிருந்தவர்கள், எக்ஸ்ரே அறைக்குப் போய்த் திரும்புவதற்குள் பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள். இதய நோய்க்கும் பிரஷருக்கும் நாடியைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த வேகமான நாடிகூட வராமல் போகலாம். அது எங்களையே ஏமாற்றும்.

இன்னொரு ஏமாற்று, ஹீமோகுளோபின். பெரியவர் முதலில் போன சிறிய கிளினிக்கில் அது 9.8 என்று வந்தது. 'கொஞ்சம் குறைச்சல்தான், சத்து டானிக் எழுதித் தர்றேன்' என்று சொல்லி, கேஸ் ஊசியும் ஒரு பாட்டில் சலைனும் போட்டிருக்கிறார்கள். அங்கே ஒரு மணி நேரம் போயிற்று. அண்டாவில் இருக்கும் சாம்பாரில் பாதியை மொண்டு எடுத்துவிட்டால் மீதிச் சாம்பாரின் கெட்டி குறையுமா? குறையாது. அளவுதான் குறையும். தண்ணீர் ஊற்றினால்தான் நீர்த்துப் போகும். ரத்தமும் அப்படித்தான். கொட்டும்போது சிவப்பணுவும் நீரும் ஒன்றாகவே போகின்றன. உடம்பு நீரை இழுத்து இட்டு நிரப்பிய பிறகுதான், அல்லது நாங்கள் சலைன் ஏற்றிய பிறகுதான், உண்மை எண் தெரியும். எங்களிடம் காலை எட்டரைக்கு எடுத்தபோது அவருடைய ஹீமோகுளோபின் 6.4.

எனக்கு அந்த இரவில் அதைவிட உதவியது யூரியா. 84 இருந்தது. சிறுநீரகம் கெட்டிருந்தால் கிரியாட்டினினும் ஏறியிருக்க வேண்டும், அது 1.1-இல் அமைதியாக இருந்தது. காரணம் எளிது. ரத்தமும் புரதம்தான். அது குடலுக்குள் போனால் குடல் அதை உணவாகவே செரிக்கும், யூரியா ஏறும். பெரியவர் இரண்டு நாளாகத் தன் ரத்தத்தையே கறிச்சாப்பாடு போலச் செரித்துக்கொண்டிருந்தார்.

என்ன செய்தோம்? இரண்டு கைகளிலும் பெரிய ஊசிகள், ஒன்றில் சலைன். ரத்த வகை பார்த்துப் பொருத்தம் பார்க்க மாதிரி ரத்த வங்கிக்குப் போனது. கையுறை போட்டு ஆசனவாயில் விரலால் பரிசோதித்தேன். விரலில் ஒட்டியது தார். வயதானவர்கள் இந்தப் பரிசோதனைக்குக் கூசுவார்கள், உறவினர்கள் முகம் சுளிப்பார்கள். ஆனால் 'கருப்பாப் போச்சு' என்ற சொல்லை உறுதி செய்ய இதைவிட வேகமான வழி கிடையாது. அமிலத்தை அடக்கும் பாண்டோபிரசோல் 80 மில்லிகிராம் நரம்பில் போட்டோம். அமிலம் குறைந்தால் ரத்தம் உறைந்து அடைப்பதற்கு வாய்ப்புக் கிடைக்கும். அதுவரை வாய் வழியே ஒரு மிடறு தண்ணீர்கூடக் கிடையாது என்றோம்.

மகன் வந்து, "உடனே ரத்தம் ஏத்துங்க, எத்தனை பாட்டில் வேணும்னாலும் ஆளு கொண்டாரேன்" என்றார். இந்த அவசரம் எனக்குப் புரியும். ஆனால் ரத்தத்தை அள்ளி ஊற்றுவது நல்லதல்ல என்று தெரிந்து கொஞ்ச காலம்தான் ஆகிறது. 2013-இல் பார்சிலோனா மருத்துவர்கள், இப்படி ரத்தம் கொட்டும் 900-க்கும் மேற்பட்ட நோயாளிகளில் ஒரு பாதிக்கு ஹீமோகுளோபின் 9-க்குக் கீழே வந்தால் ரத்தம் ஏற்றினார்கள், மறுபாதிக்கு 7-க்குக் கீழே வந்தால் மட்டும் ஏற்றினார்கள். குறைவாக ஏற்றிய பக்கத்தில்தான் அதிகம் பேர் பிழைத்தார்கள், மறுபடி கொட்டியதும் குறைவு. இப்போது பொதுவாக 7 என்பதுதான் கோடு. இதய நோயாளிகளுக்குச் சற்று மேலே, 8. பெரியவர் இரண்டு கோட்டுக்கும் கீழே இருந்தார். இரண்டு பாட்டில் ஏற்றினோம்.

எண்டோஸ்கோபி காலை பத்தரைக்கு. ஏன் இரவே செய்யவில்லை என்று மகன் கோபப்பட்டார். பிரஷர் ஊசலாடும்போது மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விடுவது ஆபத்து. முதலில் ஆளை நிலைப்படுத்த வேண்டும், பிறகு 24 மணி நேரத்துக்குள் பார்த்துவிட வேண்டும் என்பதுதான் முறை. அதற்காக வீட்டில் 24 மணி நேரம் காத்திருக்கலாம் என்று அர்த்தமில்லை. அந்த மணிக்கணக்கு, நரம்பில் ஊசியும் பக்கத்தில் ரத்தமும் இருக்கும் கட்டிலில் படுத்திருப்பவருக்கு.

திரையில் சிறுகுடலின் தொடக்கத்தில் ஒன்றரை சென்டிமீட்டர் புண். நடுவில் சின்ன மணி போல ஒரு ரத்தக்குழாயின் முனை தலை நீட்டிக்கொண்டிருந்தது. அதை அப்படியே விட்டால் இரண்டில் ஒன்று மறுபடி கொட்டும். சுற்றிலும் நீர்த்த அட்ரினலின் ஊசி போட்டுக் குழாயைச் சுருக்கினார்கள். பிறகு சின்னக் கிளிப் ஒன்றால் அந்த முனையை, கொடியில் துணிக்குப் போடும் கிளிப் போலவே, கவ்விவிட்டார்கள். இருபது நிமிட வேலை. முப்பது வருடத்துக்கு முன்பு இதற்கு வயிற்றைக் கிழித்திருப்பார்கள்.

மறுபடி கொட்டும் ஆபத்து முதல் 72 மணி நேரத்தில்தான் அதிகம். அதுவரை அந்த அமில மருந்து நரம்பில் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பிரினைத் திரும்பத் தொடங்கினோம். இது பலருக்கு வியப்பாக இருக்கும். ஆனால் நெஞ்சுவலி வந்தவருக்கு ஆஸ்பிரினை நிரந்தரமாக நிறுத்தினால், புண்ணிலிருந்து பிழைத்தவர் மாரடைப்பில் போகலாம். நிறுத்துவதும் தொடங்குவதும் மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. கிருமிப் பரிசோதனையும் இருக்கிறது என்று வந்தது, பதினான்கு நாள் மருந்து. ஆறாம் நாள் வீட்டுக்குப் போனார். ரத்தம் நின்ற பிறகும் இரண்டு மூன்று நாள் கருப்பாகப் போகும், குடலில் தங்கியது வெளியேற வேண்டுமே. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மயக்கமோ படபடப்போ கூடவே வந்தால் ஓடி வாருங்கள் என்று மருமகளிடம் சொல்லி அனுப்பினேன். அந்த வீட்டில் கவனிக்கத் தெரிந்தவர் அவர்தான்.

புண் என்றால் இப்படி. ரத்த வாந்தியில் இன்னொரு வகை உண்டு, அது இவ்வளவு அவகாசம் தராது.

'ரத்தம் கக்கிச் சாவாய்' என்பது நம் ஊர்ச் சாபம். இரவு தனியாக வந்தவனை முனி அறைந்தது, வீட்டு வாசலில் ரத்தம் கக்கிச் செத்தான் என்று சின்ன வயதில் எத்தனை கதை கேட்டிருப்போம். அந்தக் கதைகளில் வந்தவன் எங்கிருந்து வந்துகொண்டிருந்தான் என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். பல கதைகளில் சாராயக் கடையிலிருந்துதான்.

கல்லீரல் பல வருடக் குடியால் தழும்பேறி இறுகிவிட்டால், குடலிலிருந்து அதற்குள் போக வேண்டிய ரத்தம் போக வழியில்லாமல் தேங்கும். அணை நிரம்பினால் நீர் பக்கவாட்டில் வழி தேடுவது போல, அது உணவுக்குழாயின் அடியில் இருக்கும் மெல்லிய சிரைகளுக்குள் ஏறும். காலில் வெரிகோஸ் நரம்பு புடைப்பது போல அவை உள்ளே புடைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது, வலி கிடையாது. ஒருநாள் உடையும்போது பேசின் பேசினாக ரத்தம் வரும். குடிக்காதவர்களுக்கும் இது வருகிறது. ஹெபடைட்டிஸ் பி, சி கிருமிகள், சர்க்கரையும் பருமனும் சேர்ந்து வரும் கொழுப்புக் கல்லீரல் எல்லாம் அதே தழும்பில்தான் போய் முடிகின்றன. வாழ்நாளில் மதுவைத் தொடாத அம்மாக்களுக்கு இப்படி வந்து, 'எங்கம்மா குடிப்பாங்களான்னு கேக்கறீங்களே' என்று பிள்ளைகள் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

இந்த வகையில் நல்ல சிகிச்சை கிடைத்தாலும் ஆறு வாரத்துக்குள் ஆறு ஏழு பேரில் ஒருவர் இறக்கிறார். சிரைகளின் அழுத்தத்தைக் குறைக்கும் ஊசியும், கிருமித் தொற்று வராமல் தடுக்கும் ஆன்டிபயாடிக்கும் வந்தவுடனேயே தொடங்க வேண்டும். எண்டோஸ்கோபியை 12 மணி நேரத்துக்குள் செய்து, புடைத்த சிரையை உறிஞ்சி இழுத்து அதன் கழுத்தில் சின்ன ரப்பர் வளையத்தை மாட்டுவார்கள். அதிக ரத்தம் ஏற்றினால் அழுத்தம் ஏறி மறுபடி உடையும் என்பதால் இங்கே அந்த 7 என்ற கோடு இன்னும் முக்கியம். கல்லீரல் நோய் என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால், கருப்பு மலம் ஒரு தடவை போனாலும் போதும், புறப்பட்டுவிடுங்கள்.

மற்றக் காரணங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குடித்துவிட்டுக் குடல் வெளியே வருவது போல ஓங்கரித்து, முதலில் வெறும் வாந்தி, பிறகு ரத்தம் என்று வந்தால் உணவுக்குழாயின் அடியில் கீறல் விழுந்திருக்கலாம். பெரும்பாலும் தானே ஆறிவிடும், ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் எண்டோஸ்கோபி பார்ப்பவர். எடை குறைந்து, பசி போய், ரத்தம் மெல்லக் கசிந்தால் இரைப்பைப் புற்றுநோயைத் தேட வேண்டும். மழைக்காலத்தில் டெங்கு காய்ச்சல் குறையும் நாட்களில் கருப்பாகப் போனால், 'காய்ச்சல் விட்டுப் போச்சே' என்று இருந்துவிடக் கூடாது. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சின்னப் புண்ணும் பெரிதாகக் கொட்டும்.

வீட்டில் இது நடந்தால் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. 108-ஐக் கூப்பிடுங்கள். வருவதற்குள் அவரைப் படுக்க வையுங்கள். வாந்தி வந்தால் இடது பக்கமாக ஒருக்களித்து, ரத்தம் மூச்சுக்குழாய்க்குள் போகாதபடி. மோர், இளநீர், வெந்தயம், ஜெலுசில் எதுவும் வேண்டாம். எண்டோஸ்கோபிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும், மயக்கத்தில் வாந்தி வந்தால் அந்த மோரே நுரையீரலுக்குள் போகும். கக்கூஸுக்குத் தனியாக விடாதீர்கள், கதவைத் தாழிட விடாதீர்கள். எழுந்து நிற்கும் அந்த நிமிடத்தில்தான் ஆள் சாய்வார், தலையில் அடிபட்டால் இன்னொரு பிரச்சினை. பைக்கில் நடுவில் உட்கார வைத்துக் கொண்டுவர வேண்டாம். கருப்பை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அருவருப்பாக இருக்கலாம், எங்களுக்கு அது ஒரு ரிப்போர்ட்.

எந்த ஆஸ்பத்திரி என்பதும் முக்கியம். ரத்த வங்கியும் எண்டோஸ்கோபியும் இருக்கிற இடம். தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, பல மாவட்டத் தலைமை மருத்துவமனைகள் இதைச் செய்யும். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் சலைன் போட்டால் பிரஷர் ஏறும், முகம் தெளியும், வீட்டார் நிம்மதியாகிவிடுவார்கள். சலைன் ரத்தத்தை நிறுத்துவதில்லை. அதைப் போட்டுக்கொண்டே ஆம்புலன்ஸில் ஏற வேண்டும், போட்டு முடியும்வரை அங்கே காத்திருக்கக் கூடாது.

அந்தப் பெரியவர் மாதம் ஒருமுறை மருந்துக்கு வருகிறார். முழங்காலுக்கு இப்போது பாராசிட்டமாலும், தடவிக்கொள்ள ஒரு களிம்பும், தொடைத் தசைக்கு உடற்பயிற்சியும். வலி முழுதாகப் போகவில்லை என்று குறைப்படுகிறார், அது நியாயம்தான். போன முறை வந்தபோது, தன் தெருவில் இரண்டு பேர் அதே செட்டு மாத்திரையைத்தான் போடுகிறார்கள், சொன்னால் கேட்கிறதில்லை என்றார்.

இன்று உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து பாருங்கள். அப்பாவின் ஆஸ்பிரினுக்கும், ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைக்கும் பக்கத்திலேயே டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் என்று ஏதாவது இருந்தால், அல்லது பெயரே இல்லாத ஒரு கவர் இருந்தால், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது காட்டுங்கள். அதற்குள் ஒருநாள் கருப்பாகப் போனால், அந்த டப்பாவை அப்படியே எடுத்துக்கொண்டு எந்த நேரமானாலும் கேசுவால்டிக்கு வந்துவிடுங்கள். இரண்டரை மணிக்கும் அங்கே ஆள் இருக்கும்.